வெள்ளி ஈடிஎஃப்ல என் 16 ரூபாய தின்னது மார்க்கெட் மேக்கர் தானா?

பனியன்_பாண்டி · 02-11-2025, இரவு 10:41

நேரா விஷயத்துக்கு வரேன். அக்டோபர் 9, வியாழக்கிழமை, வெள்ளி ஏறுதுன்னு ஊரே பேசுது, கட்டிங் மாஸ்டர் கூட வெள்ளி வாங்கிட்டாராம், நானும் போன்ல மார்க்கெட் ஆர்டர் போட்டு 600 யூனிட் வெள்ளி ஈடிஎஃப், அதான் பங்கு மாதிரி எக்ஸ்சேஞ்ச்ல வாங்கி விக்கிற வெள்ளி ஃபண்ட், வாங்கினேன். சராசரி 163. சாயங்காலம் ஒருத்தர் சொல்லித்தான் தெரியுது, அந்த நேரத்துல அந்த யூனிட்டுக்குள்ள இருக்குற வெள்ளியோட மதிப்பு, அதான் ஐ-என்ஏவின்னு போடுறாங்களே, அது 147 தானாம். தீபாவளி முடிஞ்சு 28ஆம் தேதி பாத்தா விலை 140. வெள்ளி விழுந்தது யூனிட்டுக்கு 7 ரூபா, அத ஒத்துக்கறேன், நான் கேக்காம வாங்கினேன். மீதி 16 ரூபா எங்க போச்சு? 600 யூனிட்டுக்கு 9,600 ரூபா. ஈடிஎஃப்ல விலை மதிப்ப ஒட்டியே நிக்கணும்னு தான மார்க்கெட் மேக்கர்னு ஆள் வச்சிருக்காங்க? செபி ரூல்ஸ் படி ஒரு ஈடிஎஃப்புக்கு குறைஞ்சது ரெண்டு பேரு. அந்த ரெண்டு பேரும் சேந்து என் 9,600ஐ பங்கு போட்டுட்டாங்கன்னு நான் சொல்றேன். இல்லன்னு சொல்றவங்க கணக்கோட வாங்க.

ஸ்டாப்லாஸ்_சிங்காரம் · 02-11-2025, இரவு 11:05

இதுல கணக்கு என்ன வேண்டிக்கிடக்கு. அவனுங்க தான் விலைய வைக்கிறானுங்க, அவனுங்க தான் நம்ம ஆர்டர பாக்குறானுங்க. நான் ஆப்ஷன்ல ஸ்டாப்லாஸ் 42ல வச்சா 41.90 வரைக்கும் வந்து என்ன தூக்கிட்டு திரும்ப 60 போகுது. மூணு வருஷமா இதே கதை. மார்க்கெட் மேக்கர்னா மார்க்கெட்ட "மேக்" பண்றவன், பேர்லயே இருக்கு.

உமா_மயிலாப்பூர் · 03-11-2025, காலை 7:20

கடைக்காரங்க எல்லாருமே அப்படித்தான் தம்பி. போன மாசம் பேத்தியோட பழைய கொலுசு போட்டு புதுசு வாங்கப் போனேன். போடுற வெள்ளிக்கு ஒரு விலை, வாங்குற வெள்ளிக்கு ஒரு விலை, அதுக்கு மேல சேதாரம், செய்கூலி. கேட்டா "அப்படித்தாம்மா"ங்கறான். நீங்க ஹால்மார்க் பாத்து வாங்கினீங்களா?

பனியன்_பாண்டி · 03-11-2025, காலை 8:02

அக்கா, நான் வாங்கினது கொலுசு இல்ல, டீமேட்ல யூனிட். ஹால்மார்க் எல்லாம் இதுல கிடையாது.

நெல்மண்டி_ரவி · 03-11-2025, காலை 9:48

எங்க மண்டியில பாக்குறது தான் இதுவும். விவசாயி மூட்டைய இறக்குவாரு, மில்லுக்காரர் வருவாரு, நடுவுல நாங்க பேசி முடிச்சு விட்டு கமிஷன் எடுப்போம். மார்க்கெட் மேக்கரும் நடுவுல நின்னு கமிஷன் வாங்குற ஆளு, அவ்ளோதான். விலை ஏறினா இறங்கினா அவருக்கு என்ன வந்துச்சு.

பழைய_டீலர் · 03-11-2025, மதியம் 1:30

மும்பைல ஒரு டெஸ்க்ல ஏழு வருஷம் ஈடிஎஃப் கோட் போட்டுட்டு இருந்தேன், இப்போ ஸ்ரீரங்கத்துல சும்மா இருக்கேன், அதனால நேரம் இருக்கு. கம்பெனி பேரு கேக்காதீங்க.

ரவி சார் சொன்னதுல ஒரே ஒரு திருத்தம், ஆனா அது தான் முக்கியம். கமிஷன் மண்டிக்காரர் கைல சரக்கு நிக்காது. நெல்லு விலை விழுந்தா விவசாயிக்கு நஷ்டம், உங்களுக்கு இல்ல. அது புரோக்கர் வேலை. மார்க்கெட் மேக்கர் வேற ஆளு. உங்க ஊர்லயே அறுப்பு நேரத்துல சொந்தக் காசுல வாங்கி குடோன்ல அடுக்கி, நாளைக்கு யார் வந்தாலும் "எடுத்துக்கோ இந்த விலை, குடுக்கறதா இருந்தா இந்த விலை"ன்னு ரெண்டு விலையும் சொல்ற வியாபாரி இருப்பாரே, அவரு மாதிரி. எலி தின்னா அவருக்கு, விலை விழுந்தா அவருக்கு.

திரையில அது எப்படி தெரியும்னா, சாதாரண ஒரு நாள்ல ஒரு வெள்ளி ஈடிஎஃப் டெப்த் கிட்டத்தட்ட இப்படி இருக்கும் (நம்பர் நானா போட்டது, புரியறதுக்கு):

```
BUY               SELL
5000   149.92     150.08   5000
 120   149.90     150.10    340
```

மதிப்பு 150. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி 5,000ன்னு உருண்டையா நிக்குது பாருங்க, அது தான் நம்ம ஆளு. பாண்டி மாதிரி ஒருத்தர் வந்து 150.08ல 5,000 வாங்குறாரு, பத்து நிமிஷம் கழிச்சு வேற யாரோ 149.92க்கு 5,000 விக்கிறாங்க. நடுவுல 16 பைசா, அஞ்சாயிரம் யூனிட்டுக்கு 800 ரூபா. இதான் சம்பளம். பாண்டி வரும்போது விக்கிறவர் ரெடியா இருக்க மாட்டாரு, விக்கிறவர் வரும்போது பாண்டி இருக்க மாட்டாரு, அந்த பத்து நிமிஷத்த நாங்க தாங்குறோம், அந்த தாங்குறதுக்கு தான் 16 பைசா.

பனியன்_பாண்டி · 03-11-2025, மதியம் 1:52

16 பைசான்னா சந்தோஷமா குடுத்திருப்பேனே சார். என்கிட்ட போனது 16 ரூபா. நூறு மடங்கு.

பழைய_டீலர் · 03-11-2025, மதியம் 2:10

வரேன் வரேன். அன்னைக்கு வாங்கும்போது டெப்த் ஸ்கிரீன்ஷாட் ஏதாவது இருக்கா? இருந்தா நம்பர மட்டும் எழுதுங்க.

கணக்குப்புள்ள · 03-11-2025, மாலை 6:15

800 ரூபா முழுசா கைக்கு வருமா? அந்த பத்து நிமிஷத்துல வெள்ளி 1 ரூபா ஏறினா அஞ்சாயிரம் ரூபா போச்சே. 800க்கு யாரு 5,000 ரிஸ்க் எடுப்பா? கணக்கு உதைக்குது.

பழைய_டீலர் · 03-11-2025, இரவு 9:40

சரியான இடத்துல கைய வச்சீங்க. அதனால தான் வித்த அடுத்த நொடியே எம்சிஎக்ஸ்ல, அதாவது சரக்கு ஃப்யூச்சர் நடக்குற எக்ஸ்சேஞ்ச்ல, விலை ஆட்டத்த ஈடுகட்ட ஹெட்ஜ் போகும். ஒரு யூனிட் தோராயமா ஒரு கிராம் வெள்ளி, 5,000 யூனிட்டுன்னா 5 கிலோ. சில்வர் மினி ஒரு லாட்டும் 5 கிலோ. என்னமோ எங்களுக்காகவே தச்ச சட்டை மாதிரி. பாண்டிக்கு 5,000 வித்தா ஒரு மினி வாங்கிடுவோம், யாராவது எங்களுக்கு வித்தா ஒரு மினி வித்துடுவோம். அப்புறம் வெள்ளி ஏறினாலும் இறங்கினாலும் ஈடிஎஃப்ல போனது ஃப்யூச்சர்ல வந்துடும்.

ஆனா ஹெட்ஜ் சும்மா வராது. கிலோ ஒன்றரை லட்சம்னு வச்சா 5 கிலோ ஏழரை லட்சம், விக்கும்போது சிடிடிங்கற வரி 0.01 சதவீதம், அதுலயே 75 ரூபா. எம்சிஎக்ஸ்லயும் வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் இடைவெளி உண்டு, கிலோவுக்கு 20 ரூபான்னா 100 ரூபா அங்க போச்சு. எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரைன்னு இன்னொரு ஐம்பது அறுபது. ஆக 800ல 200-250 போயிடும். ஹெட்ஜே போடாம ரெண்டு பக்கமும் உடனே வந்து முட்டிக்கிட்டா முழு 800. அதனால எங்க ஆசையெல்லாம் வெள்ளி ஏறணும்னோ இறங்கணும்னோ இல்ல. வாங்குறவனும் விக்கிறவனும் மாத்தி மாத்தி வந்துட்டே இருக்கணும், அவ்ளோதான்.

ஸ்டாப்லாஸ்_சிங்காரம் · 03-11-2025, இரவு 10:30

அமெரிக்கால விர்ச்சுனு ஒரு மார்க்கெட் மேக்கர் கம்பெனி, 2014ல ஐபிஓவுக்கு பேப்பர் தாக்கல் பண்ணப்போ அவனுங்களே எழுதிக் குடுத்தது: அஞ்சு வருஷம், 1,238 டிரேடிங் நாள், நஷ்டம் வந்தது ஒரே ஒரு நாள். ஒரே ஒரு நாள்ங்க! நான் மூணு வருஷத்துல லாபம் பாத்த நாளே விரல் விட்டு எண்ணலாம். இது ஏமாத்து வேலை இல்லாம என்ன?

பழைய_டீலர் · 04-11-2025, காலை 6:50

அந்த நம்பர் உண்மைதான். ஆனா படிக்கிற விதம் வேற. ஒரு டிரேட்ல சின்னதா ஒரு சாதகம், அதே மாதிரி ஒரு நாளைக்கு லட்சக்கணக்குல டிரேட், உலகம் பூரா பல மார்க்கெட்ல. பத்து தடவ காசு சுண்டினா ஏழு பூ விழலாம். ஒரு பக்கம் கொஞ்சம் கனமா இருக்குற காச லட்சம் தடவ சுண்டினா எந்த பக்கம் ஜாஸ்தி விழும்னு சந்தேகமே வராது. சிங்காரம் நீங்க ஒரு நாளைக்கு நாலு டிரேட் போடுறீங்க, அதுவும் இடைவெளிய குடுத்துட்டு போடுறீங்க. காசு எந்தப் பக்கம் கனம்னு நீங்களே சொல்லுங்க.

ஸ்டாப்லாஸ் விஷயம்: என்எஸ்இல ஸ்டாப்லாஸ் ஆர்டர் தனி புக்ல இருக்கும், டெப்த்ல தெரியாது, எங்க திரையிலயும் தெரியாது. உங்க 42 எனக்குத் தெரியவே தெரியாது. ஆனா நீங்க சொன்னதுல பாதி நியாயம் இருக்கு. வேகமா விழும்போது நாங்க கோட்ட தள்ளி வைப்போம், இல்ல அளவ 5,000ல இருந்து 500 ஆக்குவோம். புக் காலியானா சின்ன ஆர்டருக்கே விலை குழில விழும், உங்க ஸ்டாப்லாஸ் அங்க போய் அடிக்கும், அப்புறம் கோட் திரும்பி வரும்போது விலையும் திரும்பி வரும். வேட்டையாடினா மாதிரி தான் தெரியும். ஓடி ஒளிஞ்சது தான் நிஜம்.

ஸ்டாப்லாஸ்_சிங்காரம் · 04-11-2025, காலை 7:15

குடை வியாபாரி மழை வந்தா கடைய சாத்துறான்னு சொல்றீங்க. நல்லா இருக்கு நியாயம்.

பழைய_டீலர் · 04-11-2025, காலை 7:31

ஆமா, அப்படியும் சொல்லலாம். மறுக்கல.

பனியன்_பாண்டி · 04-11-2025, இரவு 11:20

ஸ்கிரீன்ஷாட் கிடைச்சுது. வாங்கின உடனே பொண்டாட்டிக்கு காட்ட எடுத்தது (அவ அப்பவே "இப்ப எதுக்கு"ன்னு கேட்டா, அத விடுங்க). விக்கிற பக்கம் அஞ்சு வரிசைல அளவு மட்டும் எழுதுறேன்: 12, 40, 7, 250, 33. வாங்குற பக்கம்: 60, 5, 100, 18, 210. ஆர்டர் எட்டு துண்டா எட்டு விலைல விழுந்திருக்கு, 162 சொச்சத்துல ஆரம்பிச்சு 164 கிட்ட வரைக்கும்.

பழைய_டீலர் · 05-11-2025, காலை 6:35

இத தான் எதிர்பாத்தேன். திரும்ப பாருங்க: 12, 40, 7, 250, 33. எங்க 5,000? ரெண்டு பக்கமும் இல்ல. மார்க்கெட் மேக்கர் அந்த இடத்துலயே இல்ல. 7 யூனிட் வித்தது எந்த டெஸ்க்கும் கிடையாது, உங்கள மாதிரி எவரோ ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி வச்சிருந்தவரு. உங்க 16 ரூபால பெரும் பகுதி அந்த மாதிரி எட்டுப் பத்து பேரு கைக்கு போயிருக்கும். அவங்கள்ல ஒருத்தர் இந்த இழையவே படிச்சிட்டு இருக்கலாம்.

ஏன் இல்லங்கறது தான் கதை. எங்க கைல எப்பவும் சரக்கு இருக்கும், உதாரணமா 3 லட்சம் யூனிட், அதுக்கு எதிரா எம்சிஎக்ஸ்ல 300 கிலோ ஷார்ட், அதாவது முன்கூட்டியே வித்து வச்சது, 30 கிலோ லாட் பத்து. எல்லாரும் வாங்கிட்டே இருந்தா சரக்கு கரையும். கரைஞ்சா ஃபண்ட் ஹவுஸ்கிட்ட போய் புது யூனிட் உண்டாக்குவோம்: 30 கிலோ வெள்ளிக் கட்டி, இல்ல அதுக்குண்டான பணம் குடுத்தா சுமார் 30,000 யூனிட் வரும். இந்த வாசல் திறந்திருக்குற வரைக்கும் விலை மதிப்ப விட்டு ரொம்ப ஓட முடியாது. 150 மதிப்புள்ளது 152க்கு போனா நாங்களே உண்டாக்கி கொட்டுவோம், அந்த 2 ரூபா எங்களுக்கு, அடுத்த நிமிஷம் 2 ரூபா அரை ரூபா ஆயிடும். ரெண்டு மூணு டெஸ்க் இதுக்குன்னே கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டு உக்காந்திருக்கும்.

அக்டோபர் 9, 10ல அந்த வாசல் அடைச்சுப் போச்சு. கட்டி கிடைக்கல. லண்டன்லயே வெள்ளி தட்டுப்பாடு, கடனுக்கு வாங்குற வட்டி எகிறிடுச்சு, இங்க தீபாவளி நேரம். சில ஃபண்ட் ஹவுஸ் தங்களோட வெள்ளி ஃபண்ட்-ஆஃப்-ஃபண்ட்ல மொத்தப் பணம் போடுறதையே அப்போ நிறுத்தி வச்சாங்க ஞாபகம் இருக்கா? அந்த ஃபண்டும் உங்கள மாதிரி மார்க்கெட்ல இதே யூனிட்ட மதிப்புக்கு மேல பிரீமியத்துல வாங்க வேண்டி வருதுங்கறதால தான்.

கணக்குப்புள்ள · 05-11-2025, காலை 10:05

கைல இல்லன்னா ஷார்ட் அடிக்கலாமே? 163க்கு வித்து, 147 மதிப்புல எம்சிஎக்ஸ்ல வாங்கி, 16 ரூபாய பூட்டிட்டு காத்திருக்க வேண்டியது தான.

பழைய_டீலர் · 05-11-2025, காலை 10:40

காகிதத்துல அழகா இருக்கு. வித்த யூனிட்ட அடுத்த நாள் டெலிவரி குடுக்கணும். குடுக்கலன்னா ஆக்ஷன், எக்ஸ்சேஞ்சே ஏலத்துல வாங்கி செலவ எங்க தலைல கட்டும், தட்டுப்பாட்டு நேரத்துல ஆக்ஷன் விலை எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. உண்டாக்க முடியாதவன் விக்கவும் முடியாது. பசு இல்லாதவன் பாலுக்கு முன்பணம் வாங்கினா மாதிரி ஆயிடும்.

உமா_மயிலாப்பூர் · 05-11-2025, மாலை 4:12

நான் தப்பான இடத்துல பேசிட்டேன்னு நினைச்சேன், ஆனா இப்போ டீலர் சார் சொன்னத படிச்சா ஒண்ணு ஞாபகம் வருது. நான் கொலுசுக்கு போன அன்னைக்கு கடைல கால் கிலோ வெள்ளிக் கட்டி கேட்ட ஒருத்தர்கிட்ட "ஸ்டாக் இல்ல, பணம் கட்டிட்டு போங்க, பத்து நாள் ஆகும்"னு சொன்னான். விலையும் பேப்பர்ல போட்ட விலை இல்ல, அதுக்கு மேல. அவரு சத்தம் போட்டுட்டு போனாரு. அக்டோபர் ரெண்டாவது வாரம்.

பழைய_டீலர் · 05-11-2025, மாலை 5:00

உமா மேடம், நீங்க சொன்னது தான் இந்த இழைலயே பெரிய சாட்சி, சத்தியமா.

பாண்டி, நீங்க 147ஐ வேதவாக்கா எடுத்துக்கிட்டீங்க. அந்த 147 எங்க இருந்து வந்துது? அடிப்படையில லண்டன் விலைய டாலர் ரேட்டால பெருக்கி, 6 சதவீத சுங்க வரியும் மத்த செலவும் சேத்து அப்போ வந்த கணக்கு. ஆனா அன்னைக்கு அந்த விலைக்கு மும்பைல ஒருத்தனும் கட்டி குடுக்கல. உள்ளூர்ல நிஜக் கட்டி விலை கணக்கு விலைக்கு மேல நின்னுச்சு. அப்போ புது யூனிட் உண்டாக்கணும்னா மார்க்கெட் மேக்கருக்கு ஆகுற செலவு 147 கிடையாது, அத விட கணிசமா ஜாஸ்தி. ஆக உங்க 16 ரூபால ஒரு பங்கு நிஜமான உள்ளூர் வெள்ளித் தட்டுப்பாட்டுக்கு, ஒரு பங்கு அவசரத்துக்கு. எது எவ்ளோன்னு பைசா சுத்தமா பிரிக்க முடியாது.

பனியன்_பாண்டி · 05-11-2025, இரவு 10:55

இத முதல்லயே யாராவது சொல்லியிருந்தா... சரி. முதல் பதிவுல "ரெண்டு பேரும் பங்கு போட்டுட்டாங்க"ன்னு எழுதினத பாதி வாபஸ் வாங்குறேன். பாதி தான். சரக்கு கைல இருந்த டெஸ்க் ஒண்ணு கூடவா அன்னைக்கு பிரீமியத்துல விக்கல? 3 லட்சம் யூனிட் வச்சிருந்தவன் யூனிட்டுக்கு 16 ரூபா கூட வாங்கி வித்தா 48 லட்சம். எம்சிஎக்ஸ்ல ஹெட்ஜ் வேற இருக்கு. அவனுக்கு அது தீபாவளி போனஸ் இல்லையா?

பழைய_டீலர் · 06-11-2025, காலை 6:20

போனஸ் தான். சரக்கு மிச்சம் இருந்தவங்க வித்திருப்பாங்க, நான் அந்த நாற்காலில இருந்திருந்தா நானும் வித்திருப்பேன். ஆனா பிரீமியம் 2 ரூபாய்க்கு வந்தப்பவே பாதி சரக்கு போயிருக்கும், 5 ரூபால மீதி. உச்சி வரைக்கும் முழு சரக்கையும் வச்சிருந்து விக்கிறது நினைச்சு பாத்து பேசுற கணக்கு, அங்க உக்காந்தவனுக்கு அது உச்சின்னு தெரியாது.

அப்புறம் அந்த ஹெட்ஜ் பத்தி ஒண்ணு. 300 கிலோ ஷார்ட் வச்சிருக்கும்போது வெள்ளி கிலோவுக்கு 10,000 ஏறினா 30 லட்சம் ரூபா அன்னைக்கே எம்சிஎக்ஸுக்கு பணமா கட்டணும். எதிர்ப்பக்கம் யூனிட் மதிப்பு 30 லட்சம் ஏறியிருக்கும், ஆனா அது காகிதத்துல. வித்தா தான் பணம். லாபமும் நஷ்டமும் சமமா இருந்தும் பணமில்லாம திண்டாடின நாள் எங்க டெஸ்க்லயே உண்டு, முதலாளி சாயங்காலம் நாலு மணிக்கு பேங்க்குக்கு போன் போட்டு கெஞ்சினத கண்ணால பாத்தேன்.

நெல்மண்டி_ரவி · 06-11-2025, காலை 8:45

குடோன் சரக்குக்கு வட்டி யாரு கட்டுறா சார்? எங்க ஊர்ல நெல்லு அடுக்கினவன் பாதி பேரு வட்டில தான் செத்தான்.

பழைய_டீலர் · 06-11-2025, காலை 9:10

அருமையான கேள்வி, இத யாரும் கேக்க மாட்டாங்க. 3 லட்சம் யூனிட் 150 ரூபான்னா நாலரை கோடி. 9 சதவீத வட்டின்னா வருஷத்துக்கு 40 லட்சம், நாளைக்கு 11,000. அதுவே அந்த 16 பைசா ஸ்பிரெட்ல வர்றதுல பெரும்பகுதிய தின்னுடும். ஆனா ஃப்யூச்சர் விலை பெரும்பாலும் இன்னைக்கு விலைய விட கொஞ்சம் மேல இருக்கும், ரெண்டு மாச வட்டி அதுக்குள்ளயே இருக்கும். நாங்க மேல வித்துட்டு காத்திருக்குறோம், நாள் ஆக ஆக அந்த வித்தியாசம் எங்க பக்கம் கரைஞ்சு வரும். வட்டில பெரும் பங்கு அதுலயே அடைஞ்சுடும். அந்த வித்தியாசம் சுருங்கின மாசம் எங்களுக்கு கஷ்டமான மாசம். ஃபண்ட் ஹவுஸும் நல்லா கோட் போடுற மார்க்கெட் மேக்கருக்கு ஊக்கத்தொகை தரலாம்னு செபி அனுமதிச்சிருக்கு, ஆனா அது திட்டத்தோட செலவு வரம்புக்குள்ள. அதாவது கடைசில யூனிட் வச்சிருக்குறவங்க காசு தான்.

ஸ்டாப்லாஸ்_சிங்காரம் · 06-11-2025, இரவு 9:33

நஷ்டமே வராத தொழில்னு ஒத்துக்கோங்க, முடிச்சுக்கலாம்.

பழைய_டீலர் · 07-11-2025, காலை 6:05

2012 ஆகஸ்ட் 1, அமெரிக்கால நைட் கேப்பிடல், அன்னைக்கு பெரிய மார்க்கெட் மேக்கர்கள்ல ஒண்ணு. புது சாஃப்ட்வேர் எல்லா சர்வர்லயும் சரியா ஏறல, ஒண்ணுல மட்டும் பழைய கோடு முழிச்சுக்கிச்சு. 45 நிமிஷம். 440 மில்லியன் டாலர். கம்பெனிய அடுத்த வருஷம் இன்னொருத்தர் கைல குடுத்தாச்சு.

அது யானை. என்னோட எலியையும் சொல்றேன். எம்சிஎக்ஸ் விலை வர்ற ஃபீட் ஒரு நாள் மதியம் நாற்பது நொடி உறைஞ்சு போச்சு. திரைல நம்பர் இருக்கு, ஆனா பழைய நம்பர். அதே நேரம் வெளிநாட்டுல வெள்ளி குதிச்சிருக்கு, எங்க கோட் அசையாம பழைய விலைலயே விக்க நிக்குது. ஆறு தடவ 5,000, 5,000ன்னு தூக்கினாங்க. 30,000 யூனிட், ஒவ்வொண்ணுக்கும் 60 பைசா கம்மியா வித்துட்டோம், 18,000 ரூபா. ஒரு நாள் சம்பாத்தியத்த விட ஜாஸ்தி, நாற்பது நொடில. நான் கண்டுபிடிச்சது ஃபீட் பாத்து இல்ல, பக்கத்துல இருந்த பையன் "அண்ணா, எல்லாமே ஒரே பக்கம் விழுதே"ன்னான். அதான் அடையாளம். வாங்குறது விக்கிறது மாத்தி மாத்தி விழுந்தா நல்ல நாள். ஒரே பக்கம் விழுந்துட்டே இருந்தா எதிர்ல இருக்கறவனுக்கு உனக்குத் தெரியாதது ஏதோ தெரியும்.

16 பைசால ஒரு பங்கு அவனுக்காக தான். யாரு பாண்டி, யாரு விஷயம் தெரிஞ்சவன்னு ஆர்டர பாத்து பிரிக்க முடியாது, அதனால தெரிஞ்சவன்கிட்ட விட்டத பாண்டிங்ககிட்ட பைசா பைசாவா வசூல் பண்றோம். கேக்க கசப்பா இருக்கும்.

பனியன்_பாண்டி · 07-11-2025, காலை 9:00

கசப்பு எல்லாம் இல்ல சார், எங்க தொழில்லயும் அதே தான். செக்கு திரும்பி வர்ற பார்ட்டியோட நஷ்டத்த ஒழுங்கா குடுக்குற பார்ட்டி ரேட்டுல தான் ஏத்துறோம். சொல்றதில்ல, அவ்ளோதான்.

கணக்குப்புள்ள · 08-11-2025, மாலை 7:20

ஒரு சந்தேகம் மிச்சம். பிரீமியம் எப்படி காணாம போச்சு? யாராவது ஆர்டர் போட்டு நிறுத்தினாங்களா?

பழைய_டீலர் · 08-11-2025, இரவு 8:05

இல்ல. வெளிநாட்டுல இருந்து கட்டி வந்துது, தீபாவளி வாங்கல் ஓய்ஞ்சுது, வாசல் திறந்துச்சு. திறந்ததும் டெஸ்குங்க உண்டாக்கி விக்க ஆரம்பிச்சிருக்கும், விக்க விக்க பிரீமியம் கரையும். பாண்டியோட 16 ரூபாய கரைச்சதுல மார்க்கெட் மேக்கருக்கு பங்கு உண்டுங்கறது ஒரு விதத்துல சரிதான். ஆனா அவரு சொன்ன நாள்ல இல்ல, சொன்ன விதத்துலயும் இல்ல. அவரு வாங்கும்போது அவங்க இல்லாததால நஷ்டம், அப்புறம் அவங்க திரும்பி வந்ததால கணக்கு நேராச்சு.

ஸ்டாப்லாஸ்_சிங்காரம் · 08-11-2025, இரவு 8:40

அப்போ மழை நேரத்துல கடைய திறந்து வைக்கணும்னு சட்டம் போடலாம்ல?

பழைய_டீலர் · 09-11-2025, காலை 6:30

போடலாம். சரக்கு இல்லாதவன "வில்லு"ன்னு கட்டாயப்படுத்தினா 200 ரூபாய்க்கு கோட் போட்டுட்டு "போட்டேன்"ம்பான். இடைவெளிக்கும் உச்சவரம்பு வச்சா, அந்த வரம்புக்குள்ள நஷ்டப்பட யாரும் மார்க்கெட் மேக்கரா வர மாட்டான். எனக்கு இதுல தெளிவான பதில் இல்ல, இருபது வருஷமா இருக்குறவங்களுக்கே இல்ல.

உமா_மயிலாப்பூர் · 09-11-2025, காலை 11:15

அந்த கட்டி கேட்டவர நேத்து கோயில்ல பாத்தேன். பத்து நாள் கழிச்சு போனாராம், கட்டி இருந்துதாம், விலை இறங்கியிருந்துதாம், ஆனா பணம் கட்டின அன்னைக்கு விலைக்கு தான் குடுப்பேன்னானாம். மறுபடியும் சத்தம் போட்டாராம்.

பனியன்_பாண்டி · 24-11-2025, இரவு 9:50

வெள்ளி திரும்ப ஏறிடுச்சு, 148 கிட்ட இருக்கு, ஒரு 200 யூனிட் வித்துடலாம்னு இன்னைக்கு உக்காந்தேன். இந்த தடவ மார்க்கெட் ஆர்டர் இல்ல. முதல்ல ஐ-என்ஏவி பாத்தேன், விலை அதுக்கு பத்து பைசா பக்கத்துல. டெப்த் பாத்தேன், ரெண்டு பக்கமும் 5,000 உருண்டையா நிக்குது, ஆள் வந்தாச்சு. விக்கிற பக்கம் அவரு 148.30. நான் லிமிட்ல 148.29 போட்டேன். கண்ண மூடி திறக்கறதுக்குள்ள அவரு 148.28. நான் 148.27, அவரு 148.26. சரின்னு 148.25 போட்டா அவரு 148.24. 200 யூனிட்டுக்கு ஒரு பைசான்னா ரெண்டு ரூபா, டீ காசு கூட இல்ல, ஆனா வீம்பு வந்துடுச்சு.

பழைய_டீலர் · 24-11-2025, இரவு 10:15

அது மனுஷன் இல்ல பாண்டி, புரோகிராம். உங்களுக்கு முன்னாடி நிக்கணும், ஆனா தன் கணக்குக்கு கீழ போகக் கூடாதுன்னு எழுதியிருக்கும். ஒரு கட்டத்துல நின்னுடும். எங்க நின்னுச்சு?

பனியன்_பாண்டி · 24-11-2025, இரவு 10:22

148.22. நான் 148.21ல போட்டேன், அவரு அசையல. ரெண்டு நிமிஷத்துல என்னோடது போயிடுச்சு. மீதி 400 இருக்கு, நாளைக்கு அவர எங்க நிக்க வைக்கலாம்னு பாக்குறேன்.

ஸ்டாப்லாஸ்_சிங்காரம் · 24-11-2025, இரவு 10:24

148.30ல இருந்து 148.21க்கு இழுத்துட்டு வந்து வாங்கிட்டான், இவரு ஜெயிச்சேன்னு எழுதுறாரு 😂